நடுவுல ஆறே கால் மணி நேரம்: ஸ்பிளிட் டூட்டிக்குச் சம்பளம் போடுவது எப்படி?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு நோட்டுப் புத்தகத்தை வச்சுத்தான் மொத்த எபிசோடும். அது எங்க தெருவுல இருக்குற ஒரு டிரைவர் அண்ணனோடது. அவர் திருவெறும்பூர்ல கம்பெனி பஸ் ஓட்டுறார். ஸ்ரீரங்கத்துல ஆட்களை ஏத்தி, சத்திரம், பால்பண்ணை, காட்டூர் வழியா துவாக்குடி பக்கம் ஒரு தொழிற்சாலை கேட்டுல இறக்கிவிடணும். சாயங்காலம் திரும்பக் கொண்டு போய் விடணும்.

திருவெறும்பூர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெல் வந்த காலத்துல இருந்தே இந்த ஊரோட கடிகாரம் ஷிஃப்ட்தான். தஞ்சாவூர் ரோட்டுல காலையில ஒரு பஸ் வரிசை, சாயங்காலம் ஒரு பஸ் வரிசை. நடுவுல அந்த பஸ்ஸை ஓட்டுறவர் என்ன பண்றார், அந்த நேரத்துக்குக் காசு உண்டான்னு நாம யாரும் யோசிச்சதில்ல. நானும் யோசிச்சதில்ல. நான் ஒரு ஆபீஸ்ல பேரோல் பார்க்குறவன். அதனாலதான் அண்ணன் ஒரு ஞாயித்துக்கிழமை நோட்டோட வந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் கூட்டிப் பாரு, நான் ஏமாறுறேனா இல்லையான்னு சொல்லு"ன்னார்.

பிரச்சினை எங்க ஆரம்பிச்சது

அண்ணன் வேலைக்குச் சேரும்போது பேசினது ஒரு நாளைக்கு 800 ரூபாய், மாசம் 26 நாள். அப்போ மத்தியானமும் ஒரு ட்ரிப் இருந்துச்சு. அப்புறம் கம்பெனி அந்த மத்தியான ட்ரிப்பை நிறுத்திட்டாங்க. பஸ் ஓனர் கூப்பிட்டுச் சொன்னது இது: "நடுவுல ஆறு மணி நேரம் சும்மாதானே இருக்க? ஆள் ஏத்தி ஓட்டுறது நாலு மணி நேரம்கூட இல்ல. இனிமே ட்ரிப்புக்கு 180." ஒரு நாளைக்கு மூணு ட்ரிப், ஆக 540 ரூபாய். நாளுக்கு 260 குறையுது. 26 நாளுக்குக் கணக்குப் போட்டா மாசம் 6,760 ரூபாய்.

அண்ணனோட வாதம் நேர் எதிர். "காலையில அஞ்சு மணிக்குப் போறேன், ராத்திரி ஏழரைக்கு மேல வர்றேன். பதினாலரை மணி நேரத்துக்கும் சம்பளம் வேணும்."

ரெண்டு பேர் சொல்றதும் தப்புங்கறதுதான் இன்னைக்கு நான் சொல்ல வந்தது. ஓனர் ரொம்பக் கம்மியா எண்றார். அண்ணன் ரொம்ப அதிகமா எண்றார். சரியான எண் நடுவுல இருக்கு, அதைச் சட்டத்தோட ரெண்டு மூணு வரியை வச்சே கண்டுபிடிக்கலாம்.

நோட்டுல இருந்த நாள்

ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எடுத்துக்குவோம். அண்ணன் எழுதியிருந்த மாதிரியே படிக்கிறேன்.

காலை:
- 5:00 – 5:20: ஷெட்டுல தண்ணி, ஆயில், டயர் பார்த்து, உள்ள கூட்டுறது
- 5:20 – 6:05: காலி வண்டியா ஸ்ரீரங்கம்
- 6:05 – 6:15: ஆளுங்களுக்காக நிக்கிறது
- 6:15 – 7:30: ஆள் ஏத்தி துவாக்குடி
- 7:30 – 7:40: கேட்டுல நைட் ஷிஃப்ட் ஆளுங்களுக்காக நிக்கிறது
- 7:40 – 8:50: அவங்களை ஸ்ரீரங்கம் வரைக்கும் இறக்கிவிடுறது
- 8:50 – 9:30: காலி வண்டியா ஷெட்டுக்கு
- 9:30 – 9:45: கூட்டுறது, ட்ரிப் ஷீட் எழுதுறது

சாயங்காலம்:
- 4:00 – 4:10: வண்டி செக்
- 4:10 – 4:30: காலி வண்டியா தொழிற்சாலை கேட்
- 4:30 – 5:10: கேட்டுல நிக்கிறது
- 5:10 – 6:30: ஆள் ஏத்தி ஸ்ரீரங்கம்
- 6:30 – 7:15: காலி வண்டியா ஷெட்
- 7:15 – 7:35: கழுவி, ட்ரிப் ஷீட் கொடுத்து, சாவி ஒப்படைக்கிறது

காலைத் துண்டு 4 மணி 45 நிமிஷம். சாயங்காலத் துண்டு 3 மணி 35 நிமிஷம். நடுவுல இடைவெளி 6 மணி 15 நிமிஷம். முதல் நிமிஷத்துல இருந்து கடைசி நிமிஷம் வரைக்கும் 14 மணி 35 நிமிஷம்.

எது வேலை நேரம்?

பஸ், லாரி ஓட்டுறவங்களுக்குன்னே 1961-ல மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. 2025 நவம்பர் 21-ல புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தப்போ, அந்தச் சட்டம் தொழில் பாதுகாப்புத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு. ஆனா ஓட்டுநரோட வேலை நேரம் எதுங்கற விளக்கம் அங்கயும் அப்படியே தொடருது. அதுல மூணு விஷயம் வேலை நேரமா சேரும்.

முதல்ல, வண்டி ஓடுற நேரம். இது ஆள் இருக்கும்போது ஓடுற நேரம் மட்டும் இல்ல. அந்த நாள்ல வண்டி இயங்க ஆரம்பிச்சதுல இருந்து நிறுத்துற வரைக்கும். அதனால காலி வண்டியா ஸ்ரீரங்கம் போறதும், காலியா ஷெட்டுக்குத் திரும்புறதும் முழுக்க வேலைதான். ஓனரோட கணக்குல இதுவே காணோம். அண்ணனோட நோட்டுல காலி ஓட்டம் மட்டும் 2 மணி 30 நிமிஷம் வருது.

ரெண்டாவது, துணை வேலை. வண்டியைப் பொறுப்பேத்துக்கிறது, ஷெட்டுல விடுறது, பராமரிக்கிறது, ஷீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுறது எல்லாம் இதுல அடங்கும். அண்ணனுக்கு ஒரு நாளைக்கு 1 மணி 5 நிமிஷம்.

மூணாவது, புறப்படுற இடத்துல சும்மா காத்து நிக்கிற நேரம். இங்க ஒரு கோடு போட்டிருக்காங்க. 15 நிமிஷத்துக்குக் குறைவா நின்னா அது வேலை நேரம். காலையில ரெண்டு தடவை பத்துப் பத்து நிமிஷம் நிக்கிறார். ரெண்டும் சேரும்.

சாயங்காலம் கேட்டுல நிக்கிற 40 நிமிஷம்தான் சிக்கல். அது 15-ஐத் தாண்டிடுச்சு. ஓனர் "அது கணக்குல வராது"ன்னு சொல்ல இடம் இருக்கு. நான் அண்ணன்கிட்ட கேட்டேன்: "அந்த நாப்பது நிமிஷமும் நீங்க சும்மாவா நிக்கிறீங்க?"

யோசிச்சுட்டுச் சொன்னார்: "4:50-க்கே சங்கு ஊதிடுவான் தம்பி. ஆளுங்க வர ஆரம்பிச்சுருவாங்க. கதவைத் திறக்கணும், பேர் டிக் பண்ணணும், செக்யூரிட்டி வண்டியை முன்னாடி எடுக்கச் சொல்லுவார்."

அப்போ 4:50-ல இருந்து 5:10 வரைக்கும் அது சும்மா நிக்கிறது இல்ல, பயணிகள் சம்பந்தப்பட்ட துணை வேலை. மிச்சம் 4:30-ல இருந்து 4:50 வரைக்கும் இருக்குற 20 நிமிஷம்தான் உண்மையான காத்திருப்பு. அதை விட்டுக் கொடுத்துட்டுக் கூட்டினா காலை 4:45, சாயங்காலம் 3:15. மொத்தம் சரியா 8 மணி நேரம்.

நான் காகிதத்தைத் திருப்பிக் காமிச்சப்போ அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. ஓனர் "நாலு மணி நேரம்கூட இல்ல"ன்னு சொன்ன நாள், சட்டத்தோட அளவுகோல்ல ஒரு முழு வேலை நாள். 800 ரூபாய் நாள்.

அப்போ அந்த ஆறே கால் மணி நேரம்?

இங்கதான் அண்ணனுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்ல வேண்டியிருந்துச்சு. 9:45-ல இருந்து 4:00 வரைக்கும் நீங்க உங்க இஷ்டப்படி நேரத்தைச் செலவு பண்ண முடியும்னா, அதுக்கு நம்ம சட்டத்துல சம்பளம் கிடையாது. அண்ணனுக்கு வீடு காட்டூர். ஷெட்டுல இருந்து வண்டியில பத்து நிமிஷம். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குறார். அது அவரோட நேரம்.

சுதந்திரமா இருக்கீங்களாங்கறதுதான் இங்க சோதனை. சும்மா இருக்கீங்களாங்கறது இல்ல. "வண்டிகிட்டயே இரு, எங்கயும் போகாத"ன்னு சொல்லியிருந்தா நீங்க சீட்டுல தூங்கினாலும் கதை வேற. அப்போ அது முதலாளி கைவசம் இருக்குற நேரம்னு வாதாட இடம் இருக்கு.

நோட்டை இன்னும் ரெண்டு பக்கம் திருப்பினப்போ ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. வியாழக்கிழமைல, ஓரத்துல சின்னதா: "11:30 போன். அரியமங்கலம் மெக்கானிக். 1:15." என்ன இதுன்னு கேட்டேன். "பிரேக்ல சத்தம் வருதுன்னு ஓனர் எடுத்துட்டுப் போகச் சொன்னார். வாரத்துக்கு ரெண்டு தடவை இப்படி ஏதாவது வரும். வாட்டர் வாஷ், டயர், டீசல். அதெல்லாம் எண்ணக் கூடாதுல்ல?"

அதைத்தான் முதல்ல எண்ணணும். 1 மணி 45 நிமிஷம் வண்டிப் பராமரிப்பு, சுத்தமான துணை வேலை. அன்னைக்கு மொத்தம் 8 மணி நேரத்தோட அதைச் சேர்த்தா 9 மணி 45 நிமிஷம். எட்டு மணிக்கு மேல போற 1:45-க்கு ஓவர்டைம், அதாவது ரெண்டு மடங்கு. 800-ஐ எட்டால வகுத்தா மணிக்கு 100. ரெண்டு மடங்கு 200. 1:45-க்கு 350 ரூபாய். அன்னைக்கு அவருக்கு வர வேண்டியது 1,150. வந்தது 540.

இன்னொரு விஷயமும் இருக்கு. 1961 சட்டம் ஓட்டுநரோட நாளை ரெண்டு துண்டுக்கு மேல வெட்டக் கூடாதுன்னு சொல்லுச்சு. காலை ஒண்ணு, மெக்கானிக் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வியாழக்கிழமை மூணு துண்டு ஆயிடுச்சு. ஸ்பிளிட் டூட்டியில நடுவுல வர்ற ஒரு சின்ன போன் காசை மட்டும் திங்கல, தூக்கத்தையும் ரெண்டா உடைக்குது.

காசா, வரம்பா?

சில ஊர்கள்ல இந்த இடைவெளிக்கே ஒரு விலை வச்சிருக்காங்க. கலிபோர்னியாவுல குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை பார்க்குறவரோட நாளை, சாப்பாட்டு இடைவேளையைத் தாண்டின சம்பளமில்லா இடைவெளி விட்டு முதலாளி ரெண்டா பிரிச்சா, ஒரு மணி நேரக் குறைந்தபட்சச் சம்பளம் கூடுதலா கொடுக்கணும். நியூயார்க்குல நாளோட மொத்த நீளம் 10 மணி நேரத்தைத் தாண்டினாலே அதே மாதிரி ஒரு மணி நேரம் கூடுதல்.

நம்ம சட்டம் வேற வழியில போச்சு. இடைவெளிக்குக் காசு வைக்கல, நாளோட நீளத்துக்கு வரம்பு வச்சுது. இதைத்தான் ஸ்ப்ரெட் ஓவர்னு சொல்றாங்க. ஓய்வையும் சேர்த்து, முதல் நிமிஷத்துல இருந்து கடைசி நிமிஷம் வரைக்கும் எவ்வளவு. 1961 சட்டத்துல ஓட்டுநருக்கு அது 12 மணி நேரம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-லயும் அதே 12. புதுத் தொகுப்புல இந்த எண்ணைச் சட்டத்துலயே எழுதாம, அரசு அறிவிக்கணும்னு விட்டிருக்காங்க. அதனால இப்போ இதைப் பத்திப் பேசப் போறவங்க, எந்த அறிவிப்பு நடப்புல இருக்குன்னு திருச்சி தொழிலாளர் அலுவலகத்துல முதல்ல கேட்டுட்டுப் போங்க.

அண்ணனோட நாள் 14 மணி 35 நிமிஷம். 12-ஐ ரெண்டரை மணி நேரத்துக்கு மேல தாண்டுது. காலையில 4:15-க்கு எழுந்திரிக்கிறார். ராத்திரி எட்டு மணிக்கு வீடு, பத்துக்குப் படுக்கை. ஆறு மணி நேரத் தூக்கம், மத்தியானம் ரெண்டு மணி நேரம். அந்த மத்தியானத் தூக்கத்துலதான் மெக்கானிக் போன் வருது. அன்னைக்குச் சாயங்காலம் அவர் பின்னாடி ஒரு பஸ் நிறைய ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க. வரம்பு இருக்குறதுக்குக் காரணம் அதுதான்.

அண்ணன் என்ன கேட்கலாம்?

நான் மூணு கோரிக்கையா எழுதிக் கொடுத்தேன்.

ஒண்ணு, 800 ரூபாய் திரும்ப வரணும். பேசின சம்பளத்தைத் தொழிலாளிக்குப் பாதகமா மாத்தணும்னா 21 நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும். ஓனர் வாயால சொன்னதோட சரி. இதோட இன்னொண்ணையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. நாள் கணக்குல குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயிச்ச வேலையில, வேலைக்கு வந்த ஆளுக்கு முதலாளி பக்கமே முழு நாள் வேலை இல்லாமப் போனாலும், முழு நாளுக்கான அந்தக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. ஊதியத் தொகுப்போட 10-வது பிரிவு. நீங்க வேலை செய்ய மாட்டேன்னு சொல்லியிருந்தா அது இல்லாமப் போகும். ஆனா அது பாதுகாக்குறது குறைந்தபட்சத் தொகையை மட்டும்தான். பேசின 800-ஐ அதை வச்சு மீட்க முடியாது.

ரெண்டு, இடைவெளியில கூப்பிட்டா அந்த நேரம் நோட்டுல ஏறணும், எட்டு மணியைத் தாண்டினா ரெண்டு மடங்கு.

மூணு, நாள் 12 மணி நேரத்துக்குள்ள வரணும். இதுதான் கஷ்டமானது. அஞ்சு மணிக்கு ஆரம்பிக்கிற ஆள் சாயங்காலம் அஞ்சுக்கு வீட்டுக்குப் போகணும்னா, சாயங்கால ட்ரிப்புக்கு வேற டிரைவர் வேணும். அப்போ ஓனர் "சரி, உனக்குக் காலை மட்டும்"னு சொல்லிப் பாதிச் சம்பளத்துல நிறுத்தினா என்ன பண்றது? இந்தப் பயத்துலதான் பல பேர் வரம்பைப் பத்தி வாயே திறக்கிறதில்ல. சட்டம் தர்ற வரம்பு சில நேரம் சம்பளத்தையே வெட்டுற கத்தியா திரும்பும். அதை மறைச்சுட்டு நான் பேச முடியாது.

எங்க வரைக்கும் இதெல்லாம் செல்லும்னும் சொல்லிடுறேன். 1961 சட்டம் அஞ்சு ஓட்டுநர், கண்டக்டர் இருக்குற இடத்துக்கே பொருந்துச்சு. புதுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்பு பத்துப் பேர் இருக்கணும்னு கேக்குது. அண்ணனோட ஓனர்கிட்ட பன்னெண்டு பேர். ரெண்டு மூணு வேன் மட்டும் வச்சிருக்குறவர்கிட்ட ஓட்டினா அந்தத் தொகுப்போட வேலை நேர விதிகள் உங்களுக்குக் கை கொடுக்காது. ஊதியத் தொகுப்புக்கு இப்படித் தலை எண்ணிக்கை கிடையாது.

நோட்டு ஏன் முக்கியம்?

பாக்கிச் சம்பளத்தை 3 வருஷத்துக்குள்ள கேட்கலாம்னு ஊதியத் தொகுப்பு சொல்லுது. சம்பளம் கொடுத்தாச்சுன்னு நிரூபிக்கிற பொறுப்பும் முதலாளி மேலதான். ஆனா எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீங்கன்னு பேச்சு வரும்போது உங்க கையில ஏதாவது இருக்கணும். ஸ்பிளிட் ஷிஃப்ட்ல தகராறு எப்பவும் ஓரத்துலதான் வரும்: ஆரம்பிச்ச இருபது நிமிஷம், முடிச்ச இருபது நிமிஷம், நடுவுல வந்த போன்.

அதனால ஒரு நாளைக்கு நாலு நேரம் எழுதுங்க. முதல் துண்டு ஆரம்பம், முடிவு, ரெண்டாவது துண்டு ஆரம்பம், முடிவு. இடையில கூப்பிட்டா அதைத் தனி வரியா எழுதுங்க. அன்னன்னைக்கே எழுதுங்க. மாசக் கடைசியில மொத்தமா எழுதினது ஒரே பேனா, ஒரே கையெழுத்துன்னு பார்த்தாலே தெரிஞ்சுடும். கூடவே வேற யாரோ எழுதின ஒரு நேரம் இருந்தா இன்னும் பலம். அண்ணனுக்குத் தொழிற்சாலை கேட்டோட செக்யூரிட்டி ரெஜிஸ்டர் இருக்கு, பஸ்ஸுல ஜி.பி.எஸ். இருக்கு, ஓனரோட போன் போன்லயே பதிவா இருக்கு.

ஹோட்டல், சூப்பர் மார்க்கெட், ஜிம்னு வேற இடத்துல காலை-மாலை வேலை பார்க்குறவங்களுக்கு அந்த 15 நிமிஷக் கோடு பொருந்தாது. அது ஓட்டுநருக்கு மட்டும். ஆனா மூணு கேள்வியை நீங்களும் எடுத்துக்கலாம். என் ரெண்டு துண்டும் உண்மையில எப்போ ஆரம்பிச்சு எப்போ முடியுது? நடுவுல நான் சுதந்திரமா, இல்ல கூப்பிட்டா போகணுமா? முதல் நிமிஷத்துல இருந்து கடைசி வரைக்கும் எவ்வளவு?

அண்ணன் நோட்டை எடுத்துட்டுப் போய் ஓனர்கிட்ட காமிச்சார். ரெண்டு தடவை பேச்சு நடந்துச்சு. 800 திரும்ப வந்துடுச்சு. இடைவெளியில கூப்பிட்டா மணிக்கு 200-ன்னு ஒத்துக்கிட்டார். அதுக்கப்புறம் போன் வர்றது வாரத்துக்கு ரெண்டுல இருந்து மாசத்துக்கு ஒண்ணா குறைஞ்சு போச்சு. காசு கொடுக்கணும்னு ஆனதும் வாட்டர் வாஷ் எல்லாம் 9:45-க்கு முன்னாடியே முடிய ஆரம்பிச்சுடுச்சு.

14 மணி 35 நிமிஷம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கு. போன வாரம் தெருவுல பார்த்தப்போ கேட்டேன். "இன்னொரு டிரைவரோட வாரத்துக்கு ஒரு தடவை மாத்திக்கலாமான்னு பேசிட்டு இருக்கோம் தம்பி"ன்னார். நோட்டு சட்டைப் பையில இருந்துச்சு.